ராத்திரி மெசேஜும் ஹாம்பர்க் நேரமும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

நேற்று இரவு 11:20-க்கு மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப். "பி.பி. சாம்பிள் எப்போ கிளம்புதுன்னு பையர் கேக்கறார். ஸ்டேட்டஸ்?" பி.பி. சாம்பிள் என்றால் மொத்தமாகத் தைக்கத் தொடங்கும் முன் பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி. பத்து நிமிடத்தில் இரண்டு கேள்விக்குறிகள். அப்புறம் ஒரு மிஸ்டு கால்.

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கிற யாருக்கும் இது புதிதில்லை. ஆர்டர் கொடுக்கிறவர் ஐரோப்பாவில், தைக்கிறவர் இங்கே, நடுவில் நாம். அதனால் ராத்திரி வேலை தவிர்க்க முடியாதது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இன்று காலை அந்த மெசேஜை எடுத்து வைத்துக்கொண்டு நேரக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பையரின் ஆபீஸ் ஹாம்பர்க்கில். இப்போது அங்கே கோடைகால நேரம், நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நமக்கு இரவு 11:20 என்றால் அங்கே மாலை 7:50. கேள்வி கேட்டவர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். நான் அந்த நேரத்தில் பதில் போட்டாலும், காலை ஒன்பது மணிக்குப் போட்டாலும், அவர் பார்க்கப்போவது அவருடைய காலை ஒன்பதுக்கு. அதாவது நம் மதியம் 12:30-க்கு.

அப்படியானால் ராத்திரி பதில் யாருக்காக? பையருக்காக இல்லை. மேனேஜரின் மனக்கவலைக்காக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்கள்.

ஜூன் 4, புதன்

இன்று இரவு பதில் எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுதினேன். வழக்கமாக நாங்கள் எல்லோரும் போடுவது "ஓகே சார், செக் பண்றேன்". பணிவாகத் தெரிந்தாலும், அந்தப் பதில்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. இப்போதே பார்க்கப்போகிறாள் என்று அவர் காத்திருப்பார். அரை மணியில் "என்னாச்சு?" என்று வரும்.

அவர் கேட்டது, ஸ்டைல் ஒன்றுக்கு எத்தனை பெட்டி பேக் ஆகியிருக்கிறது என்று. நான் எழுதியது இது:

"சார், பேக்கிங் லிஸ்ட் ஆபீஸ் சிஸ்டத்தில் இருக்குங்க. நைட் ஷிஃப்ட் கணக்கும் சேர்த்து, கலர் வாரியாகக் காலை 9:15-க்கு அனுப்பிடறேன். பையர் ஆபீஸ் நமக்கு 12:30-க்குத்தான் திறக்கும்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. பதில் இப்போது ஏன் இல்லை, எப்போது வரும், அதுவரை காத்திருப்பதால் ஏன் நஷ்டம் இல்லை. மூன்றாவது வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் முதல் வரி சாக்குப்போக்கு மாதிரி ஆகிவிடும்.

"சரி" என்று ஒரே ஒரு பதில் வந்தது. அதன்பின் எதுவும் இல்லை.

நினைவிலிருந்து எண் சொல்வதைப் பற்றியும் எழுத வேண்டும். பக்கத்து சீட் தம்பி போன சீசனில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, படுக்கையில் இருந்தபடியே ஒரு ஷிப்மெண்ட் தேதியைச் சொன்னான். மேனேஜர் அதை அப்படியே பையருக்கு மெயில் போட்டுவிட்டார். காலையில் பிளான் ஷீட்டைப் பார்த்தால் தேதி வேறு. அந்தத் தேதியைத் திருத்தி எழுதப் பட்ட பாடு, ராத்திரி பதில் சொல்லாமல் இருந்ததற்கு வாங்கியிருக்கக்கூடிய திட்டை விடப் பெரியது. ஷீட் கையில் இல்லாதபோது எண் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

உண்மையிலேயே ராத்திரியே பதில் வேண்டிய வேலையும் உண்டு. நேற்று அதுதான் வந்தது.

12:40-க்கு மேனேஜர் ஒரு போட்டோ அனுப்பினார். டையிங்கில் நேவி லாட் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஷேட் ஓகேவா? டையர் வெயிட் பண்றார்." துணி மெஷினுக்குள் நிற்கிறது, அடுத்த லாட் பின்னால் காத்திருக்கிறது. இதைக் காலை 9:15-க்குத் தள்ள முடியாது.

ஆனால் போன் திரையில் பார்த்து ஷேடுக்கு ஓகே சொல்லவும் முடியாது. டையிங் யூனிட்டின் டியூப்லைட், போன் கேமரா தானாகச் செய்யும் கலர் திருத்தம், என் போனின் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து நேவியைக் கறுப்பாகவும் காட்டும், நீலமாகவும் காட்டும். போதாததற்கு அந்தத் துண்டு ஈரமாக இருந்தது. ஈரத் துணி எப்போதும் அழுத்தமாகத்தான் தெரியும். வெட்டிய துண்டைக் காயவைத்து, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு ஈடான D65-லும் கடை வெளிச்சமான TL84-லும், முன்பே அப்ரூவ் ஆன சாயத் துண்டான லேப் டிப்போடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் மேனேஜருக்கே போன் போட்டு இதைச் சொன்னேன். "டையிங் இன்சார்ஜ்கிட்ட நம்ம ஷேட் பேண்ட் இருந்தா, அதுக்குள்ள வருதான்னு அவரே பாத்து இறக்கிடலாங்க சார். போட்டோவ வச்சு நான் சொல்றது சரியா வராதுங்க."

கலர் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் அந்த ஷேட் பேண்ட் அங்கே இல்லை. யாரும் கொடுத்து வைக்கவில்லை. கடைசியில் மேனேஜரே வண்டியை எடுத்துக்கொண்டு டையிங்குக்குப் போய்ப் பார்த்து இறக்கச் சொன்னார். அவருக்கும் தூக்கம் இல்லை.

இந்த மெசேஜுக்குக் காரணம் மேனேஜரின் குணம் இல்லை. பகலில் செய்ய வேண்டிய ஒன்று செய்யப்படாமல் இருந்தது. இன்று மதியமே எல்லா கலருக்கும், இந்த அளவு வரை வெளிறலாம், இந்த அளவு வரை அழுத்தமாகலாம் என்று எல்லை காட்டும் துண்டுகளை அட்டையில் ஒட்டி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, டையிங்குக்கு ஒரு செட் அனுப்பிவிட்டேன். இனி எல்லைக்குள் வரும் லாட்டை டையரே முடிவு செய்யலாம்.

ஜூன் 7, சனி

மாலை டீ நேரத்தில் மேனேஜரிடம் நேராகவே பேசினேன். திட்டு வாங்கிய சூட்டிலோ, ராத்திரி மெசேஜிலேயோ இதைப் பேசியிருக்கக் கூடாது. வேலை ஓய்ந்த நேரம் சரியாக இருந்தது.

"சார், ராத்திரி வர்ற மெசேஜ்ல எது அப்பவே வேணும், எது காலைலன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குதுங்க."

அவர் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். "நான் உடனே பதில் போடச் சொன்னேனாம்மா?"

"சொல்லலைங்க சார். ஆனா பத்து நிமிஷத்துல கேள்விக்குறி வருது, அப்புறம் கால் வருது."

அதன்பின் அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். பகல் முழுக்க அவர் ஃப்ளோரில் இருக்கிறார். மெயில் பார்க்க உட்காருவதே சாப்பிட்டு முடித்து பத்து மணிக்கு மேல். கேள்வியை அப்போதே யாருக்காவது அனுப்பாவிட்டால் காலையில் மறந்துவிடும். அனுப்பிவிட்டால் பதில் வரும்வரை மனசு அடங்குவதில்லை.

நான் கேட்டது இரண்டே விஷயம். இரவு 9:30-க்கு மேல் வரும் மெசேஜுக்கு மறுநாள் காலை 9:15-க்குள் பதில். ராத்திரியே வேண்டும் என்றால் மெசேஜ் வேண்டாம், போன் போடுங்கள், கட்டாயம் எடுப்பேன். அதற்கு ஈடாக, தினமும் மாலை ஏழு மணிக்கு ஓடுகிற ஆர்டர்கள் எல்லாவற்றின் நிலவரத்தையும் அவர் கேட்பதற்கு முன் நானே அனுப்பிவிடுகிறேன். "சரி, பாப்போம்" என்றார். முழுச் சம்மதம் இல்லைதான். ஆனாலும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனில் தொந்தரவு செய்யாதே நிலையைப் பத்து மணிக்குத் தானாக வரும்படி வைத்தேன். அவர் நம்பரை ஸ்டார் போட்டு, ஸ்டார் போட்டவர்களின் கால் மட்டும் ஒலிக்கும்படி செய்தேன். நீல டிக்கை அணைத்து வைக்கச் சொல்லி ஒரு தோழி யோசனை சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. குரூப்பில் அது வேலையும் செய்யாது. அங்கே யார் படித்தார்கள் என்பது தெரிந்துதான் தீரும். பார்த்ததை மறைப்பதை விட எப்போது பதில் வரும் என்று சொல்வது எனக்கு நல்லது.

ஜூன் 10, செவ்வாய்

ஏழு மணி நிலவரம் வேலை செய்கிறது. ஆர்டருக்கு ஒரு வரிதான்: எங்கே நிற்கிறது, அடுத்தது என்ன, யாருக்காகக் காத்திருக்கிறது. அவர் ராத்திரி கேட்கக்கூடிய கேள்வியைப் பகலில் நானே கேட்டுக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிறு இரவு ஒரு மெசேஜ் வந்தது, லேபிள் ஆர்ட்வொர்க் பற்றி. திங்கள் காலை பதிலோடு சேர்த்து, அன்று ஜெர்மனியில் பெந்தெகொஸ்தே திங்கள், விடுமுறை என்பதையும் சொன்னேன். அவருக்கு அது நினைவில் இல்லை. இப்போது பையர் நாட்டு விடுமுறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியர்கள் தரப்போடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கும் மெசேஜுக்கும் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு, மறுப்பது நியாயமில்லை என்றால் தவிர. எது நியாயம் என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது: எதற்காகக் கூப்பிட்டார்கள், எந்த வழியில், எவ்வளவு தொந்தரவு, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, அவருடைய பொறுப்பு என்ன, வீட்டுச் சூழ்நிலை என்ன. ஷேட் போட்டோவையும் பெட்டிக் கணக்கையும் இதில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது.

நம் நாட்டில் இதே உரிமைக்காக எம்.பி. சுப்ரியா சுலே கொண்டுவந்த 2018-ஆம் ஆண்டுத் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஆக, எனக்கு இருப்பது அந்த டீ நேரத்துப் பேச்சு மட்டும்தான். அதற்குப் பின்னால் எந்தச் சட்டமும் நிற்கவில்லை. இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

சிக்கல் இப்போது வேறு இடத்திலிருந்து வருகிறது. முதலாளியும் இருக்கிற குரூப்பில் மேனேஜர் இரவு பதினொன்றுக்கு ஒரு கேள்வி போட்டார். தம்பி ஒரே நிமிடத்தில் பதில் போட்டான். காலையில் நான் போட்ட பதில் முழுமையாக இருந்தது, ஆனால் முதலாளி கண்ணில் பட்டது அவனுடைய வேகம்தான். ஒருத்தர் மட்டும் ஒழுங்கு வைத்துக்கொண்டால் அவர் சோம்பேறியாகத்தான் தெரிவார். தம்பியிடம் மதியம் பேசினேன். "நான் போடலைன்னா யாராவது போடுவாங்கக்கா, அதான்" என்றான். அவன் பயம் எனக்குப் புரிகிறது. அவனும் ஏழு மணி நிலவரம் அனுப்ப ஒத்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலையில் அமெரிக்க ஆர்டர் ஒன்று தொடங்குகிறது, பையர் நியூயார்க்கில். அங்கே ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நமக்கு மாலை 6:30-க்குத்தான் அவர்கள் ஆபீஸ் திறக்கும், இரவு பதினொன்றுக்கு அவர்களுக்கு மதியம் 1:30. ஹாம்பர்க் கணக்கு அங்கே செல்லாது. ராத்திரி பதில் போட்டால் அன்றே வேலை நகரும், போடாவிட்டால் உண்மையாகவே ஒரு நாள் போகும். அதனால் மேனேஜரிடம் வேறு மாதிரி கேட்டிருக்கிறேன்: நானும் தம்பியும் வாரம் மாற்றி வாரம் இரவு 11:30 வரை அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் பதில் சொல்கிறோம், அந்த வாரம் யார் முறையோ அவர் மறுநாள் பதினொன்றுக்கு வரட்டும். தாமத வருகைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் கேட்டேன்.

முதலாளியிடம் திங்கட்கிழமை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.