செங்கலடிக் கடைக் கணக்கு

பெப்ரவரி 10, திங்கள்

பதிவழிக்க வேண்டிய கடன் பட்டியல் வந்தது. எல்லாம் பழசு, இரண்டு வருசம் கிடந்தவை. ஒன்றைத் தவிர. செங்கலடிக் கடை, ரூபா 386,450. காரணம்: "வெள்ளத்தோட கடை பூட்டு, ஆள் இல்லை." வயது 60 முதல் 90 நாள் என்று அறிக்கை காட்டுகிறது. மூன்று மாதம்கூட ஆகாத கடனை அறவிட முடியாது என்று எழுத இவ்வளவு அவசரமா? நான் கையெழுத்து வைக்கவில்லை.

பெப்ரவரி 11

அம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். 386,450.

பெப்ரவரி 12, போயா

வீட்டில் தாள்களை விரித்துக்கொண்டு இருந்தேன். முதலில் பில்களைப் பார்த்தேன்: மூன்றும் ஓகஸ்ட் மாதத்துப் பில். அப்படியென்றால் கடனின் வயது ஐந்தரை மாதத்துக்கு மேல். அறிக்கை ஏன் குறைத்துக் காட்டுகிறது?

மறுகா விளங்கியது. கடைக்காரர் மூன்று பின்திகதிச் செக் கொடுத்திருக்கிறார்: 125,000, 140,000, 121,450. செக் கைக்கு வந்த அன்றே எங்கள் கணக்கில் வரவு வைத்து விடுகிறார்கள். ஓகஸ்ட் பில் தீர்ந்ததாகி விடுகிறது. நவம்பர் 21இலிருந்து டிசம்பர் 5 வரை மூன்றும் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரும்பிய செக்கைத் திரும்பிய திகதியிலேயே புதுக் கடனாகப் பதிந்திருக்கிறார்கள். பழைய கடன் புதுப் பிறந்தநாளோடு வந்து நிற்கிறது. திரும்பிய செக்கின் பதிவில் அசல் பில்லின் திகதியை இடாதவரை இந்த வயது அறிக்கையை யாரும் நம்பக் கூடாது.

பெப்ரவரி 13

அதே ஓட்டைதான் கடன் லிமிட்டிலும். இந்தக் கடையின் லிமிட் 300,000. நவம்பர் 5 அன்று கணினியில் நிலுவை 92,000 மட்டும். இன்னும் 208,000க்குச் சரக்குக் கொடுக்கலாம் என்று அது சொன்னது. அன்று எங்கள் லாச்சியில் காசாகாத செக் 386,450க்குக் கிடந்தது. இரண்டையும் கூட்டினால் 478,450. லிமிட் நவம்பருக்கு முன்னமே உடைந்துவிட்டது, ஆனால் ஒரு நாளும் மணி அடிக்கவில்லை. நிலுவையோடு கையில் உள்ள செக்கையும் கூட்டித்தான் லிமிட்டைப் பார்க்க வேணும் என்று இரண்டு வருசமாக எழுதுகிறேன். கோபமாக இருக்கிறது.

பெப்ரவரி 14

நோன்புக்கு முன் சரக்கு இறக்க, கல்முனை ரூட்டில் லிமிட் கூட்டிக் கேட்டு விண்ணப்பங்கள். கையில் உள்ள செக் விபரம் ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன்.

பெப்ரவரி 17, திங்கள்

செங்கலடி போனேன். அந்த ரூட்டில் காசு அறவிடும் எங்கள் பொடியனுக்குச் சொல்லவில்லை.

கடை பூட்டுத்தான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கேட்டேன். "பின் ஒழுங்கையில வீட்டு வாசல்லதான் விக்கிறார், தங்கச்சி" என்றார்கள். ஆள் இருக்கிறார்! வெள்ளத்தில் சரக்கு நனைந்து, கடையைத் தூக்கி வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறார். என்னைக் கண்டு ஒளியவில்லை.

"அண்ணன், கணக்கு 386,450 எண்டு இருக்கு, சரிதானே?" என்றேன்.

"இல்லை புள்ள. முதல் செக்குக்குக் காசு குடுத்திட்டன்."

உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். 125,000 ரூபாவுக்கான அந்தச் செக், வங்கி ஒட்டிய "ரிஃபர் டு ட்ரோவர்" துண்டோடு. திரும்பிய செக் காசு வாங்காமல் கடைக்காரர் கைக்குப் போகாது. ரூட் பொடியன் ரசீது தரவில்லையாம், செக்கைத்தான் தந்தானாம், டிசம்பர் நடுவில். செக்கின் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கை நடுங்கியது. பதிவழித்திருந்தால் யாரும் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கப் போவதில்லை. அந்த 125,000 அதோடு மறைந்திருக்கும்.

பெப்ரவரி 18

திரும்பிய செக் பதிவேடு: "அறவிடக் கொடுத்தது" என்று எழுதி, பெற்றவர் கையெழுத்துக் கட்டம் வெறுமை. அவன் ரூட்டில் திரும்பிய மற்றச் செக்குகளையும் தேடினேன். லாச்சியில் இருக்க வேண்டியவற்றில் இன்னும் நாலு இல்லை. நாலு கடைக்கும் போக வேணும். போன் எடுத்துக் கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பெப்ரவரி 19

முகாமையாளரிடம் சொன்னேன். "வெள்ளத்தில அடிபட்ட மனுசன், விடுங்கோ" என்கிறார். விடத்தான் வேணும் என்றால் உண்மையான தொகையை விடட்டும். மீதி 261,450. கடைக்காரர் மாதம் மாதம் தருகிறேன் என்கிறார், நான் நம்புகிறேன். வெள்ளத்துக்கு முன் நவம்பரில் வந்த 92,000 பில்லையும் காசாகவே தீர்த்தவர். ஆனால் அவர் கையெழுத்தோடு நிலுவை உறுதிக் கடிதம் இந்தக் கிழமையே வேணும். கடைக் கணக்குக் கடனுக்கு வழக்குப் போட 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வருசம்தான் தருகிறது. எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும்.

கடிதத்தை இரண்டு பிரதி அடித்துவிட்டேன்.

பெப்ரவரி 20

அவன் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை. காலை எட்டு மணிக்கே ஏறாவூர்க் கடைக்குப் போகிறேன்.