இரண்டு நூலில் தொங்கிய மீற்றர் கோல்

1982 ஆம் ஆண்டு உயர்தரக் கணிதப் பிரிவில் படித்த எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் அந்த மீற்றர் கோலை நினைவு வைத்திருப்பார்கள். மரக்கோல். பூச்சியப் பக்க நுனி கொஞ்சம் தேய்ந்திருந்தது. நிறம் மங்கிப் போயிருந்தாலும் கோடுகள் தெளிவாக இருந்தன. எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் அதை அலுமாரியிலிருந்து எடுக்கும்போதே, அன்றைய பாடம் கரும்பலகையோடு முடியாது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிரயோக கணித வகுப்பில் அந்தக் கணக்கை நாங்கள் ஏற்கெனவே செய்திருந்தோம். சீரான கோல் ஒன்று இரண்டு நிலைக்குத்து இழைகளால் கிடையாகத் தொங்குகிறது. நடுவில் இல்லாமல் ஓரிடத்தில் சுமை ஒன்று தூக்கப்பட்டிருக்கிறது. இழைகளின் இழுவைகளைக் காண்க. இரண்டு சமன்பாடுகள், இரண்டு தெரியாக் கணியங்கள். கொப்பியில் ஐந்து வரியில் முடித்துவிட்டுப் புள்ளி வாங்கியிருந்தோம். அதனால் ஆய்கூடத்துக்குள் கொஞ்சம் இறுமாப்போடுதான் போனோம்.

அவர் இரண்டு தாங்கிகளில் இரண்டு விற்றராசுகளை மாட்டினார். 10 சென்ரிமீற்றர் கோட்டில் ஒரு நூல், 90 இல் ஒரு நூல். இரண்டுக்கும் இடையே 80. கோலைத் தனியாக நிறுத்துப் பார்த்தபோது 120 கிராம் இருந்தது. பிறகு 100 கிராம் படிகள் ஐந்தை ஒரே கொத்தாக 30 ஆம் கோட்டில் தூக்குவதாகச் சொன்னார். தூக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஊஞ்சல் பலகையில் ஒரு ஓரமாக இருந்தால் எந்தப் பக்கக் கயிறு கூடுதலாக முறுகும் என்று உங்கள் தங்கச்சிமாருக்கும் தெரியும். எவ்வளவு கூடுதல் என்று நீர் சொல்லும்."

என்னைத்தான் கேட்டார். சுமை 5 நியூட்டன் என்று வைத்தேன். இடது நூலிலிருந்து 20 தூரத்தில் இருக்கிறது, வலது நூலிலிருந்து 60. ஆகவே இடதுக்கு 80 இல் 60 பங்கு, அதாவது 3.75, வலதுக்கு 1.25 என்றேன். கிட்ட இருக்கும் நூலுக்குக் கூடிய பங்கு. ஆனால் அந்தப் பங்கைத் தீர்மானிப்பது எட்ட இருக்கும் நூலுக்குள்ள தூரம். அதைச் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

அவர் படிகளைத் தூக்கினார். இடது தராசு 4.3 காட்டியது. வலது 1.8.

பின்வாங்கில் ஒருவன் தராசு பிழை என்றான். ஆசிரியர் படிகளைக் கழற்றிவிட்டு, வெறுங்கோலோடு தராசுகளைப் பார்க்கச் சொன்னார். இரண்டும் 0.6 காட்டின. கோலின் நிறையை நான் மறந்துவிட்டேன். கொப்பிக் கணக்கில் 'இலேசான கோல்' என்று எழுதியிருந்தால் விட்டுவிடலாம். 'சீரான கோல்' என்றால் அதன் நிறை முழுவதும் 50 ஆம் கோட்டில், நடுவில், கீழ்நோக்கி நிற்கிறது. இரண்டு நூல்களும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருந்ததால் 1.2 நியூட்டன் சரிபாதியாகப் பிரிந்தது. 3.75 உடன் 0.6 சேர்த்தால் 4.35. 1.25 உடன் 0.6 சேர்த்தால் 1.85.

"இப்போது இரண்டையும் கூட்டிப் பாரும்."

கணக்கில் 6.2. தராசில் 6.1. அந்த 0.1 எங்கே போனது என்று அவர் எங்களைச் சும்மா விடவில்லை. 100 கிராமை 1 நியூட்டன் என்று எடுத்தது எங்கள் வசதிக்காக. ஈர்ப்பை 9.8 என்று எடுத்தால் 620 கிராமுக்கு 6.08 தான் வரும். தராசின் சிறு பிரிவு 0.1. அப்படியானால் 6.1 சரி. கூட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை அன்றுதான் பிடித்துக்கொண்டேன். இழுவைகளின் கூட்டுத்தொகை மொத்த நிறைக்கு வராவிட்டால், வேறு எதையும் பார்க்குமுன் தராசுகளின் பூச்சிய வழுவைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தும் கூட்டுத்தொகை நிறையை விடக் கூடி வந்தால் நூல்கள் சரிந்திருக்கின்றன. தாங்கிகளை நெருக்கமாக வைத்துவிட்டால் அப்படித்தான் நடக்கும். சரிந்த நூல் மேலே இழுப்பதோடு பக்கவாட்டிலும் இழுக்கிறது. அந்தப் பக்க இழுப்பையும் சேர்த்தே தராசு காட்டும்.

நூல் சரிவது ஒன்று, கோல் சரிவது இன்னொன்று. இதை நான் வெகுநாள் குழப்பிக்கொண்டிருந்தேன். இடது தராசின் வில் கூடுதலாக நீண்டதால் கோல் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. கிடையாக இல்லையே, அளவீடு பிழையாகுமே என்று நாங்கள் பதறி, தாங்கியை உயர்த்தப் போனோம். அவர் தடுத்தார். வலது தாங்கியை வேண்டுமென்றே இன்னும் நான்கு விரல் உயர்த்தி, மற்றத் தாங்கியைச் சற்று அரக்கி, நூல்கள் நிலைக்குத்தாக நிற்கும்படி செய்தார். தராசுகள் அசையவில்லை. அதே 4.3, அதே 1.8.

காரணத்தை ஒரு படமாக வரைந்தார். கோல் சரியும்போது நூலிலிருந்து சுமைக்குள்ள கிடைத்தூரம் குறைகிறது. நடுவுக்குள்ள தூரமும், மற்ற நூலுக்குள்ள தூரமும் குறைகின்றன. எல்லாம் ஒரே விகிதத்தில் குறைகின்றன. 20 க்கு 80 என்று இருந்தது 19 க்கு 76 ஆனால் பங்கு மாறுமா? நூல்கள் நிலைக்குத்தாகவும், மூன்று தொங்கு புள்ளிகளும் கோலின் நடுவும் ஒரே கோட்டிலும் இருக்கும்வரை சரிவு ஒன்றும் செய்யாது.

பிறகு, திருப்பம் எடுக்கும் இடம் பற்றி. நாங்கள் பலர் கோலின் நடுப்புள்ளியைச் சுற்றித் திருப்பம் எடுத்திருந்தோம். அதில் பிழையில்லை. ஆனால் இரண்டு இழுவைகளும் அந்தச் சமன்பாட்டுக்குள் வந்து நிற்கும். இடது நூல் கட்டிய புள்ளியைச் சுற்றி எடுத்தால் இடது இழுவைக்குத் தூரம் பூச்சியம். அது தானாக விலகிவிடும். மிஞ்சுவது இவ்வளவுதான்: வலது இழுவை தர 80 என்பது, 5 தர 20 உம் 1.2 தர 40 உம் சேர்ந்த 148 க்குச் சமன். 1.85. மற்றதைக் கூட்டலால் பெறலாம். ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். வலது நூலைச் சுற்றியும் திருப்பம் எடுத்து, இடது இழுவையைத் தனியாகக் கண்டு, கடைசியில்தான் கூட்டல். கூட்டலைக் கணக்குக்குச் செலவழித்துவிட்டால் சரிபார்க்க என்ன மிச்சம் என்பார்.

அன்று மிகவும் பிடித்துப்போனது அதற்கடுத்த பகுதி. படிகள் ஐந்தையும் பூச்சியக் கோட்டுக்கு, தேய்ந்த நுனிக்கு, நகர்த்தினால் இழுவைகள் என்ன என்று கேட்டார். சுமை இப்போது இரண்டு நூல்களுக்கும் வெளியே. என் பக்கத்தில் இருந்த நண்பன் கணக்கில் வேகமானவன். இடது நூலைச் சுற்றித் திருப்பம் எடுத்து, வலது இழுவை சய 0.025 என்றும், இடது 6.225 என்றும் எழுதிக் கொடுத்தான். கூட்டினால் 6.2. கூட்டலும் சரி.

ஆசிரியர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். மேசையில் கிடந்த ஒரு துண்டு நூலை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இதால் என்னைத் தள்ளும், பார்ப்போம்."

வகுப்பே சிரித்துவிட்டது, அவர் சிரிக்கவில்லை. பிறகு படிகளை ஒவ்வொன்றாக நுனியில் ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும் வலது தராசு இறங்கிக்கொண்டே வந்தது. நாலாவது படியோடு 0.1. ஐந்தாவதைத் தூக்கியபோது வலது நூல் தொய்ந்தது; கோல் இடது நூலைப் பிடித்துக்கொண்டு குத்தெனச் சாய்ந்தது, படிகள் மேசையில் சிதறின. எல்லை 480 கிராம். அந்த அளவில் சுமை 10 தூரத்தில் தரும் திருப்பமும், 120 கிராம் கோல் 40 தூரத்தில் தரும் திருப்பமும் சமன். வலது நூலுக்கு வேலை இல்லை. அதற்கு மேல் 20 கிராம் போனது, அவ்வளவுதான். சய அடையாளம் கணக்குப் பிழை அல்ல. அந்தக் கோல் அப்படி நிற்க முடியாது என்பதைச் சமன்பாடு சொல்லும் முறை அது. அடையாளத்தைக் கவனிக்காதவருக்கும் ஒரு தடயம் உண்டு: ஒரு நூலின் இழுவை மொத்த நிறையையும் விட அதிகமாக வந்துவிட்டால், மற்ற நூல் இழுக்கவில்லை.

அடுத்த கிழமை நாங்கள் ஆய்கூடத்துக்குப் போனபோது கோல் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதைச் சுற்றி 'ஈழநாடு' பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார். தராசுகள் மட்டும் வெளியே தெரிந்தன. இடது 1.6, வலது 3.5. சுமை எவ்வளவு, எந்தக் கோட்டில் தொங்குகிறது என்று சொல்ல வேண்டும்.

இம்முறை கோலை மறக்கவில்லை. இரண்டிலிருந்தும் 0.6 ஐக் கழித்தோம். 1.0 உம் 2.9 உம். கூட்டினால் 3.9, ஈர்ப்பு 9.8 என்றால் நாலு படி, 400 கிராம். வலதுக்கு 3.9 இல் 2.9 பங்கு போகிறது என்றால் சுமை இடது நூலிலிருந்து 80 இல் அதே பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். 59.5 வருகிறது. இடது நூல் 10 இல் இருப்பதால் 69.5 ஆம் கோடு. தராசின் பிரிவை நினைத்து, 70 என்று துணிந்து சொன்னோம். நாலு படி, 70 ஆம் கோடு. எங்களில் இருவர் கைகுலுக்கிக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அவர் பத்திரிகைத் தாளை நீக்கினார். 70 ஆம் கோட்டில் ஒன்றும் இல்லை. 60 இல் இரண்டு படிகளும், 80 இல் இரண்டு படிகளும் தொங்கின.