இரண்டு கம்பெனி ஒன்றாகிறது: மண்டபம் நாட்குறிப்பு

மார்ச் 9, திங்கள்

மண்டபத்தில் இருக்கும் எங்கள் நண்டு கம்பெனி தூத்துக்குடிக் கம்பெனி ஒன்றோடு இணைவது உறுதியாகிவிட்டது. புதன்கிழமை ஆட்களிடம் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கையின் முதல் வரி: "எதுவும் மாறாது, யாரும் கவலைப்பட வேண்டாம்." அந்த வரியை எடுத்தே ஆகவேண்டும் என்று போனில் வாதாடினேன். சம்பளச் சீட்டில் கம்பெனி பெயர் மாறப்போகிறது. பேக்கிங் பிரிவு இங்கேயே இருக்குமா என்பதும் முடிவாகவில்லை. இதில் ஒன்று மாறினாலும் அப்புறம் நாங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில் எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

மேற்பார்வையாளர்களிடம் நாளைக் காலை சொல்கிறோம், மற்ற எல்லோருக்கும் மதியம் 2 மணிக்கு. காலை ஷிப்டு முடிவதும் அடுத்த ஷிப்டு வருவதும் அந்த நேரம்தான். ஒரு ஷிப்டுக்குச் சொல்லி இன்னொன்றை விட்டால், சாயங்காலத்துக்குள் பாம்பன் ஏலக்கூடம் வரை "கம்பெனியை மூடுறாங்க" என்று போய்விடும்.

மார்ச் 11, புதன்

நண்டு சதை எடுக்கும் கூடத்திலேயே கூட்டம். மாறாதது, மாறுவது, இன்னும் முடிவாகாதது என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னேன். சம்பளம், ஷிப்டு, இ.எஸ்.ஐ. எண் மாறாது. பி.எஃப்.-க்கான யு.ஏ.என். எண்ணும் அதேதான், அதன் கீழே புதுக் கம்பெனிக்கு ஒரு கணக்கு சேரும், அவ்வளவுதான். "பணத்தை இப்பவே எடுத்துடலாமா சார்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். எடுக்க வேண்டாம் என்றேன். வேலை தொடரும்போது பழைய கணக்கிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டால் போதும்.

பணிக்கொடையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். 12 வருடம் வேலை பார்த்த ஓர் அக்காவின் கணக்கையே, அவர் சம்மதத்தோடு, பலகையில் போட்டேன். கணக்கில் வரும் மாதச் சம்பளம் 13,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 7,500; 12 வருடத்துக்கு 90,000. இணைப்பில் அந்த 12 வருடமும் புதுக் கம்பெனியின் பொறுப்புக்குப் போகிறது, 13-ஆவது வருடம் அதோடு சேரும். புதிதாகச் சேர்ந்தவர் என்று எண்ணினால்தான் நஷ்டம். அதனால் "பணி தொடர்ச்சி முறியாது" என்ற வரி இணைப்புத் திட்டத்தில் இருக்கும் பக்கத்தையே நகல் எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த குழப்பம் ஏப்ரல் 1. திட்டத்தில் அந்தத் தேதி இருக்கிறது, ஆனால் அது கணக்குவழக்குக்கான தேதி. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உத்தரவு போட்டு, அதன் சான்றிட்ட நகலை நிறுவனப் பதிவாளரிடம் கொடுத்த பிறகுதான் இணைப்பு நடைமுறைக்கு வரும். அதுவரை சீட்டு பழைய பெயரில்தான். உத்தரவு எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை, அதையும் அப்படியே சொன்னேன். அடுத்த செய்தி மார்ச் 27, செய்தி இல்லாவிட்டாலும் அன்று பேசுவேன் என்று பலகையில் எழுதினேன்.

மார்ச் 13, வெள்ளி

காண்டிராக்டர் மூலம் வரும் பெண்கள் நாலைந்து பேர் அறைக்கு வந்தார்கள். "நீங்க சொன்னதெல்லாம் எங்களுக்கும்தானே சார்?" இல்லை. அவர்கள் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை. பணி தொடர்ச்சி என்ற அந்த வரி அவர்களைத் தொடவே இல்லை. எங்கள் ஆட்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து நண்டு உடைப்பவர்கள்தான் இவர்களும், கூட்டத்திலும் கூடவே இருந்து கேட்டார்கள், அதனால் எல்லோருக்கும் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காண்டிராக்ட் செப்டம்பர் வரை இருக்கிறது, அதுவரை வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன என்பது முடிவாகவில்லை என்று சொன்னேன். ஒருவர் எழுந்து போய்விட்டார். கேட்க நன்றாக இருக்கும் பதிலைச் சொல்லி அனுப்பியிருந்தால், செப்டம்பரில் வேறு வேலை தேட நேரமில்லாமல் நிற்பார்கள். அவரவர் பெயரில் பி.எஃப். கட்டப்படுகிறதா என்று பார்க்க, காண்டிராக்டரின் சலான்களையும் அவற்றுக்கான பெயர்ப் பட்டியலையும் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

தீர்ப்பாயத்திலிருந்து எதுவும் வரவில்லை. அதைச் சொல்லவே 2 மணிக்குக் கூடினோம். பேக்கிங் பிரிவு பற்றியும் முடிவில்லை. ஏப்ரல் 24-க்குள் பதில் தருவதாகத் தலைமை அலுவலகம் எழுத்தில் கொடுத்திருக்கிறது, அந்தக் கடிதத்தையும் ஒட்டினேன்.

இன்னொன்றை இன்றே சொல்ல வேண்டியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு போகாது, இறால் வரத்து நின்றுவிடும். நாட்டுப்படகில் நண்டுவலை போடுகிறவர்கள் கொண்டுவருவதை வைத்து காலை ஷிப்டு மட்டும் ஓடும். வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் இந்த வருடம் இரண்டாம் ஷிப்டை நிறுத்தினால் "இணைப்புதான் காரணம்" என்றுதான் எண்ணத் தோன்றும். அதனால் போன மூன்று வருடத்தின் தடைக்கால ஷிப்டுப் பட்டியலையும் இந்த வருடத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பட்டியலில் தன் பெயரைத் தேடிப் பார்த்த ஐஸ் ரூம் பாய், "ஜூன்ல கூப்பிடுவீங்கள்ல?" என்று கேட்டார். தடை முடிந்ததும் வேலைக்குக் கூப்பிடுவோம், அதற்கு ஜூன் 12 அன்றே போன் வரும் என்றேன். அந்தத் தேதியையும் பலகையில் சேர்த்தாயிற்று.