ஆஸ்பிரினின் விகித வாய்ப்பாடு: 2.25 வந்தால் என்ன செய்வது?

சதவீத இயைபைக் கொடுத்து எளிய விகித வாய்ப்பாட்டைக் கேட்கும் கணக்கில் வகுத்தல் யாருக்கும் வந்துவிடும். வகுத்த பிறகு கையில் நிற்கும் தசமத்தை எந்த முழு எண்ணாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். அதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க ஆஸ்பிரினை எடுத்துக்கொண்டேன். விடை ஏற்கெனவே தெரியும், C₉H₈O₄. ஆகவே நான் செய்தது வாய்ப்பாட்டைத் தேடுவதல்ல. எண்கள் அந்த வாய்ப்பாட்டுக்குத்தான் கொண்டுபோகின்றனவா, எப்போது வழிமாறுகின்றன என்று சரிபார்ப்பது.

ஆஸ்பிரினில் கார்பன் 60.00%, ஹைட்ரஜன் 4.48%, ஆக்ஸிஜன் 35.52%. நூறு கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் இந்தச் சதவீதங்களே கிராம்களாகிவிடும். ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுத்தால் மோல் கணக்கு வருகிறது:

கார்பன்: 60.00 ÷ 12.011 = 4.995
ஹைட்ரஜன்: 4.48 ÷ 1.008 = 4.444
ஆக்ஸிஜன்: 35.52 ÷ 15.999 = 2.220

இந்த இடத்தில் 5, 4, 2 என்று முழுமையாக்கிவிட மனம் போகும். அப்படிச் செய்தால் C₅H₄O₂ கிடைக்கும். அதன் கார்பன் 62.50%. நாம் தொடங்கிய 60.00-க்கும் இதற்கும் இரண்டரைப் புள்ளி வித்தியாசம். இன்னும் விகிதமே எடுக்காத எண்களை முழுமையாக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கடைசிப் படி வரை நான்கு இலக்கங்களையாவது அப்படியே வைத்திருப்பது நல்லது.

அடுத்து, மூன்றில் சிறியதான 2.220-ஆல் மூன்றையும் வகுத்தேன். கார்பன் 2.250, ஹைட்ரஜன் 2.002, ஆக்ஸிஜன் 1. ஹைட்ரஜன் கண்ணை மூடிக்கொண்டு 2 என்று சொல்லலாம். கார்பனின் 2.25-ஐ 2 ஆக்கலாமா? ஆக்கினால் C₂H₂O. இதற்குத் திரும்பச் சதவீதம் கணக்கிட்டால் கார்பன் 57.14%, கிட்டத்தட்ட மூன்று புள்ளி குறைவு. 2.25 என்பது பிழையால் நகர்ந்த 2 அல்ல, அது 9/4. எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினால் 9 : 8 : 4 தானாக விழுகிறது. தசமப் பகுதி 0.5 என்றால் இரண்டால், 0.33 அல்லது 0.67 என்றால் மூன்றால், 0.25 அல்லது 0.75 என்றால் நான்கால், 0.2 என்றால் ஐந்தால் பெருக்குவது என்ற பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

சரிபார்ப்பு இதோடு முடியவில்லை. C₉H₈O₄-இன் நிறையைக் கூட்டினேன்: 108.099 + 8.064 + 63.996 = 180.159. கார்பனின் பங்கு 60.00%, ஹைட்ரஜன் 4.48%, ஆக்ஸிஜன் 35.52%. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். கணக்கைத் திருப்பிப் போடும் இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முழுமையாக்கியது நியாயமா என்று சொல்வது இந்தப் படி மட்டுமே. கரிமச் சேர்மங்களுக்கு, அளந்த சதவீதமும் வாய்ப்பாடு தரும் சதவீதமும் 0.4 புள்ளிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது ஆய்விதழ்களில் நெடுநாளாக இருக்கும் வழக்கம்.

இதுவரை எல்லாம் சுத்தமான எண்கள். மாதிரியில் கொஞ்சம் ஈரம் இருந்தால்? எடையில் 1% தண்ணீர் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு எண்களை மாற்றினேன். 99 கிராம் ஆஸ்பிரினும் 1 கிராம் தண்ணீரும். அந்த ஒரு கிராம் தண்ணீரில் 0.112 கிராம் ஹைட்ரஜன், 0.888 கிராம் ஆக்ஸிஜன். ஆக, பகுப்பாய்வில் வரக்கூடியது கார்பன் 59.40%, ஹைட்ரஜன் 4.55%, ஆக்ஸிஜன் 36.05%. பார்வைக்குப் பெரிய மாற்றமே இல்லை.

வகுத்துப் பார்த்தால் மோல்கள் 4.945, 4.514, 2.253. விகிதம் எடுத்தால் கார்பன் 2.195, ஹைட்ரஜன் 2.003, ஆக்ஸிஜன் 1. கார்பன் இப்போது 2.25-ஐ விட்டு 2.2-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. விதிப்படி ஐந்தால் பெருக்கினால் 10.97, 10.02, 5. அதாவது C₁₁H₁₀O₅. திருப்பிப் போட்டுப் பார்த்தேன்: கார்பன் 59.46%, ஹைட்ரஜன் 4.54%, ஆக்ஸிஜன் 36.00%. ஈரமான மாதிரியின் எண்களோடு 0.1 புள்ளிக்குள் ஒத்துப்போகிறது! சரியான வாய்ப்பாடான C₉H₈O₄-ஓ கார்பனில் 0.60 புள்ளி தள்ளி நின்று, 0.4 எல்லையைத் தாண்டித் தோற்றுப்போகிறது.

இதைப் பார்த்ததும் நெடுநேரம் அந்த எண்களோடேயே உட்கார்ந்துவிட்டேன். வகுத்ததில் தவறில்லை, முழுமையாக்கியதில் தவறில்லை, திருப்பிச் சரிபார்த்ததும் சரி. ஆனாலும் விடை வேறு சேர்மம்.

காரணம் ஆஸ்பிரினின் இயைபிலேயே இருக்கிறது. அதில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் 8 : 4, அதாவது 2 : 1. தண்ணீரிலும் அதே 2 : 1. எனவே எவ்வளவு ஈரம் சேர்ந்தாலும் அந்த இரண்டுக்கும் இடையிலான விகிதம் அசைவதே இல்லை. ஹைட்ரஜன் ஒழுங்காக 2 என்று வந்து நிற்பதைப் பார்த்து மாதிரி சுத்தம் என்று நம்பிவிடுவோம். கார்பனின் அளவு ஒரு விழுக்காடு குறைய, ஆக்ஸிஜன் ஒன்றரை விழுக்காடு கூட, இரண்டின் விகிதம் இரண்டரை விழுக்காடு இறங்கிவிடுகிறது. 2.25-க்கும் 2.2-க்கும் இடையே இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் உண்டு. வழக்கமான எரிப்புப் பகுப்பாய்வில் கார்பனை கார்பன் டைஆக்சைடாகவும், ஹைட்ரஜனை நீராகவும் அளக்கிறார்கள். ஆக்ஸிஜனை பெரும்பாலும் தனியாக அளப்பதில்லை. நூறிலிருந்து மற்றவற்றைக் கழித்து எடுக்கிறார்கள். ஆகவே மற்ற அளவீடுகளின் பிழையெல்லாம் ஆக்ஸிஜன் தலையில்தான் விழும். ஆஸ்பிரின் கணக்கில் எல்லாவற்றையும் வகுக்கும் எண்ணும் அதுவே. சிறிய எண்ணால் வகுக்கிறோம் என்றால் அந்தச் சிறிய எண் எவ்வளவு நம்பத்தக்கது என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்படியானால் எந்த வாய்ப்பாடு என்று எப்படி முடிவு செய்வது? முதல் வழி, மூலக்கூறு நிறை. C₉H₈O₄ என்றால் 180, C₁₁H₁₀O₅ என்றால் 222. நிறைமாலைமானி இவை இரண்டையும் குழப்பவே குழப்பாது. இரண்டாவது வழி, உலர்த்துவது. எடை மாறாமல் நிற்கும்வரை மாதிரியை உலர்த்தும் கலத்தில் வைத்து எடுக்க வேண்டும். சூடாக்கி அவசரப்படுத்தக் கூடாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியத் தொடங்கும். 2.000 கிராம் மாதிரி 1.980 கிராமாக இறங்கினால் ஈரம் 1%.

அந்த 1% தெரிந்துவிட்டால் பகுப்பாய்வை மறுபடி செய்யாமலேயே கணக்கைச் சரிசெய்துவிடலாம். ஹைட்ரஜனில் 0.11-ஐயும் ஆக்ஸிஜனில் 0.89-ஐயும் கழித்தேன். 59.40, 4.44, 35.16. கூட்டுத்தொகை இப்போது 99 என்பதால் கவலையில்லை. நமக்கு வேண்டியது விகிதம் மட்டுமே. வகுத்தால் 4.945, 4.405, 2.198. விகிதம் 2.250, 2.004, 1. நான்கால் பெருக்க, 9 : 8 : 4.