கண்ணாடியில் பெயர் மாற்றம்: வேலைக் குறிப்புகள்

மார்ச் 4
கடைக்காரர் 'ஸ்வீட்ஸ்' என்பதை 'பேக்கரி' ஆக்கப் போகிறார். புது ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பே நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம், அதனால் கடையின் பழைய போட்டோவிலேயே பெயரை மாற்றித் தரச் சொல்கிறார். கடையின் முன்கண்ணாடியில் மெரூன் எழுத்து, உள்ளே ஒரு அடி தள்ளி க்ரீம் நிறத் திரை, அதில் வெயிலால் எழுத்தின் நிழல். எதிரில் உள்ள மின்கம்பி கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. அந்தக் கம்பி எழுத்துகளின் மேலும் அறுபடாமல் போகிறது, அப்படியென்றால் ஸ்டிக்கர் உள்பக்கம்தான் ஒட்டியிருக்கிறது. வெளியே ஒட்டியிருந்தால் எழுத்தின் விளிம்பில் கம்பி நின்றுவிடும். ஆக லேயர் வரிசை அடியிலிருந்து திரை, நிழல், எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே பிரதிபிம்பம்.

மார்ச் 5
இன்று எதையும் அழிக்கவில்லை, அளந்தேன். நிழல் கண்ணாடியில் விழுவதில்லை, பின்னால் இருக்கும் திரையில்தான் விழுகிறது, அதனால் கேமராவுக்குத் தூரமாகி எழுத்தைவிடச் சின்னதாகத் தெரியும். பழைய பெயரின் முதல் எழுத்து முனையிலிருந்து கடைசி எழுத்து முனை வரை 1200 பிக்சல், அதே இரண்டு முனைகளின் நிழலுக்கிடையே 1116. அதாவது 93 சதவீதம். எழுத்தை நகலெடுத்து அப்படியே கீழே தள்ளி வைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, அதனால்தான் எழுத்து சுவரில் ஒட்டின மாதிரித் தெரிகிறது.

மார்ச் 6
பழைய எழுத்தையும் நிழலையும் குளோன் ஸ்டாம்ப் வைத்து எடுத்தாயிற்று. திரையின் மடிப்புகள் செங்குத்தாக ஓடுவதால், மேலிருந்து கீழாகவே நகலெடுத்தால் பிசிறு தெரியாது. அப்புறம் நிழலின் நிறம். கருப்பு போட்டு ஒப்பாசிட்டி குறைப்பது சரிவராது, வெயில் மறைந்தாலும் வானத்து வெளிச்சம் திரையில் படுகிறது, நிழலில் நீலம் கொஞ்சம் ஏறும். நேற்றே பிரதிபிம்பம் கருமையாக இருக்கிற இடத்தில் எடுத்து வைத்த சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள்: வெயில் பட்ட துணி 226, 210, 180, நிழல் 118, 116, 110. நிழல் மதிப்பை வெயில் மதிப்பால் வகுத்து 255 ஆல் பெருக்கினால் 133, 141, 156. இந்த நிறத்தை, அடியில் உள்ளதைப் பெருக்கி இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் வைத்ததும் பழைய நிழலோடு பொருந்திவிட்டது.

விளிம்பு: சூரியன் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம், அதனால் ஒரு அடி தள்ளி விழும் நிழலின் ஓரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மங்கும். இந்தப் படத்தில் அது 6 பிக்சல். காஸியன் பிளர் 2 போதும். பலர் 15, 20 என்று போட்டு மேகமூட்டமான நாளாக்கிவிடுகிறார்கள். மடிப்பு வளைகிற இடங்களில் நிழலையும் அதே அளவு கையால் வளைத்தேன், சலிப்பான வேலை.

மார்ச் 7
பிரதிபிம்பம். கண்ணாடியின் இருட்டான பகுதியிலிருந்து கம்பியையும் வானத்தையும் எடுத்து, கருப்பை லெவல்ஸில் இறுக்கி, ஸ்கிரீன் முறையில் எழுத்துகளின் மேல் வைத்தேன். ஆனால் முழு வலுவில் விட்டால் மெரூன் வெளுத்துப் போகிறது. சும்மா கண்ணாடியில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுமே ஒளியைத் திருப்புகின்றன. ஸ்டிக்கரின் பசை ஒட்டின இடத்தில் பின்பக்கத்துப் பங்கு பெரும்பாலும் போய்விடுகிறது. அதனால் எழுத்தின் மேல் மட்டும் பாதி வலுவுக்குக் குறைத்தேன். கம்பி இப்போது 'பே'யின் மேல் ஏறி, 'க்'கில் மங்கலாகத் தொடர்கிறது. படத்தை அனுப்பியாயிற்று, கடைக்காரர் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்கிறார், ஆக நிழல் மறுபடி.