வார்த்தையா சொல்லுங்க மிஸ்

"படம் வேணாம் மிஸ், வார்த்தையா சொல்லுங்க."

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னது. அதற்கு நான் சொன்ன பதில்தான் இத்தனை நாள் கழித்தும் உறுத்துகிறது. "பேச்சைக் குறைச்சுட்டு முதல்ல படத்தைப் பாரு" என்றேன். அதட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அதனால் பெரிதாக எதுவும் மாறிவிடாது என்பதும் தெரியும்.

அவனைச் சக்தி என்று வைத்துக்கொள்கிறேன். வியாசர்பாடிப் பையன். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுகிறவர், வீட்டில் பெரும்பாலும் ஆயாதான். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். முந்தின நாள் செய்தி, ஆயாவின் சர்க்கரை அளவு, 145 பஸ் ஏன் லேட் என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பான். தமிழ்ப் பாடத்தை ஒரு முறை வாசித்தால் அப்படியே ஒப்பிப்பான். ஆண்டுவிழாவில் பேச்சுப்போட்டிப் பரிசு அவனுக்குத்தான். அதே பையன் கணக்கில் 100க்கு 11. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டு வருவான். ஷூ லேஸ் கட்டத் தெரியாது. முள் கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரியாது, ஆனால் கால் மணி, அரை மணி என்றால் என்ன என்று நமக்கே பாடம் எடுப்பான்.

"திமிர் மிஸ். இவ்வளவு பேசுறவனுக்குக் கழித்தல் வராதா?" என்றுதான் வகுப்பாசிரியை என்னிடம் அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் மனதின் ஓரத்தில் அதே நினைப்பு இருந்தது.

நான் சிறப்பாசிரியை. படித்த படிப்பும் பதினோரு வருட வேலையும் பெரும்பாலும் வாசிப்பு வராத குழந்தைகளோடுதான். எழுத்து அவர்களுக்குப் பிடிபடாது, ஆனால் கண்ணும் கையும் கெட்டி. அவர்களுக்கு வார்த்தையைக் குறைக்க வேண்டும். படம், வண்ணம், கட்டை, கல் என்று காட்டிக் கற்றுக்கொடுத்தால் ஏறும். ரிசோர்ஸ் ரூம் சுவரெல்லாம் அப்படித்தான் ஒட்டி வைத்திருந்தேன். சக்திக்கும் அதையே செய்தேன். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள், இடமதிப்பு வரைந்த அட்டை, பச்சை அம்பு, சிவப்பு அம்பு. ஜூனிலிருந்து பிப்ரவரி வரை ஒன்பது மாதம்.

52 − 27 கொடுத்தால் 35 என்று எழுதுவான். மேலே கீழே எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுவான். இது நிறையக் குழந்தைகள் செய்கிற தப்பு. ஆனால் அவனுடையதில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வராது. 7 வந்து 5க்கும் 2க்கும் நடுவில் நிற்கும். அடுத்த வரியில் இன்னும் நகர்ந்திருக்கும். அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் எண்கள் பக்கத்தின் ஓரத்தை நோக்கி வழிந்து போவது போலிருக்கும். நான் அதில் சிவப்பு மையால் "கவனம்" என்று எழுதியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது தடவை.

அந்த வாக்கியத்தை அவன் சொன்ன நாளில் அம்புக்குறி அட்டையைக் காட்டிக் கடன் வாங்குவதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் அட்டையைப் பார்க்காமல் என் வாயையே பார்த்தான். "கடன் வாங்கினா எப்போ மிஸ் திருப்பிக் கொடுப்போம்?" என்றான். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டுக்கு வாராவாரம் குழுக் கடன் வசூலிக்க அக்கா வருவார். திருப்பிக் கொடுக்காத கடன் அவனுக்குத் தெரியாது. அதற்கடுத்துதான், படம் வேண்டாம், வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றான்.

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறான் பாருங்கள். பத்து வயதுப் பையன் தனக்கு எந்த வழியில் ஏறும் என்று சொல்லிவிட்டான். நான் கிண்டலாக எடுத்துக்கொண்டேன்.

அந்த அறையில் அப்போது பதினான்கு குழந்தைகள், என்னிடம் இருந்தது நாற்பது நிமிடம். இதையும் சொல்லிவிடுகிறேன், சாக்காக இருந்தாலும்.

அவனுடைய கோப்பில் உளவியலாளர் கொடுத்த அறிக்கை ஜூனிலிருந்தே இருந்தது. நம் ஊரில் வழக்கமாக வைக்கும் மாலின் நுண்ணறிவுத் தேர்வு. கடைசி வரியில் நுண்ணறிவு ஈவு 98, சராசரி. அந்த வரியைப் படித்துவிட்டு மூடிவைத்தேன். மார்ச்சில் வேறு எதற்கோ எடுத்தபோதுதான் உள்பக்கத்தைப் பார்த்தேன். பேச்சுவழிப் பகுதியில் 118. கட்டை அடுக்குவது, துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்வது போன்ற செயல்வழிப் பகுதியில் 79. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 98 சொச்சம். அந்தச் சராசரிக்குள் அவன் இல்லவே இல்லை. ஒரு கால் கொதிக்கிற தண்ணீரிலும் ஒரு கால் ஐஸிலும் இருப்பவனைப் பார்த்து வெதுவெதுப்பாக இருக்கிறான் என்று சொன்ன மாதிரி.

39 புள்ளி இடைவெளியை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. பரீட்சை அன்று தூங்காமல் வந்த பிள்ளைக்கும், கை மெதுவான பிள்ளைக்கும் கூட இடைவெளி வரும். ஆனால் நோட்டு, லேஸ், கடிகாரம், கடன் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின. சொல்சாராக் கற்றல் குறைபாடு என்பார்கள். ஜான்சன், மைக்கிள்பஸ்ட் என்ற இருவர் 1967இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். ரூர்க் என்பவர் 1989இல் தனிப் புத்தகமே போட்டார். குழப்பம் பெயரில்தான். பெயரைக் கேட்டால் பேச்சு வராத குழந்தை என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் பேச்சுதான் இவர்களுடைய பலம். இடம், வடிவம், அளவு, எதிரே இருப்பவர் முகம் ஆகிய பேசாத விஷயங்களில்தான் சிக்கல். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்குத் தனி இடம் இல்லை. அதனால் சான்றிதழில் இந்தப் பெயர் வராது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள கணிதக் குறைபாடு என்ற பெயரில்தான் சலுகைக்குப் போக வேண்டும். அது அவனில் பாதியை மட்டும்தான் சொல்லும்.

ஏப்ரலில் அட்டைகளைக் கழற்றிவிட்டு வார்த்தைக்கு மாறினோம். கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பினோம். கோடுகள் செங்குத்தாகி, எண்களுக்குத் தானாகவே தடுப்பு கிடைத்தது. இடது வலது குழம்பும் என்பதால், "கயிறு கட்டின கைப் பக்கத்திலிருந்து தொடங்கு" என்று ஆரம்பித்தோம். அவன் வலது மணிக்கட்டில் கோவில் கறுப்புக் கயிறு. கடனை விட்டுவிட்டுச் சில்லறை என்றோம். "மேலே போதவில்லையா? பக்கத்துப் பத்து ரூபாயைச் சில்லறை மாத்து. அங்கே ஒண்ணு குறையும், இங்கே பத்து ஏறும்." அவனே சொல்லி, அவனே எழுதினான். சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் செய்வான். 52 − 27 மூன்றாம் நாள் 25 ஆனது.

அப்புறம் 403 − 168 கொடுத்தேன். எட்டு போகாது, சில்லறை மாற்ற வேண்டும், பக்கத்தில் பூஜ்யம். நின்றுவிட்டான். "பத்து ரூபாயே இல்ல மிஸ். இதுக்கு எந்த வரியைச் சொல்லணும்?" நூறை மாற்று என்று ஒரு வரி சேர்த்தோம். நூறுகள் 4 மூன்றாகும், பத்துகள் பத்தாகும். அதில் ஒன்றை மறுபடி மாற்றினால் ஒன்பதாகும், ஒன்றுகள் 13 ஆகும். 235 வந்தது. மறுநாள் அதே கணக்குக்கு 2305 என்று எழுதி வந்தான். "403 ரூபாய் கொண்டு போய் 168 செலவு பண்ணினா 2305 மிச்சம் வருமா?" என்றேன். யோசித்துவிட்டு, "யாராவது கொடுத்திருப்பாங்க மிஸ்" என்றான்.

இங்கேதான் எனக்கு எதுவும் தெளியவில்லை. வரிகளைக் கொடுத்தேன், விடை வருகிறது. ஆனால் விடை பெரிதா சிறிதா என்ற உணர்வு வரவில்லை. நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேனா, இன்னொரு செய்யுளை மனப்பாடம் செய்ய வைத்தேனா? முதலில் "விடை எதைத் தாண்டக் கூடாது?" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அதுவும் வேலை செய்கிறது. அதுவும் ஒரு வரிதான்.

வகுப்பிலோ புதுத் தலைவலி. ஆசிரியை போர்டில் "கடன் வாங்கு" என்றதும் எழுந்து, "அது கடன் இல்ல மிஸ், சில்லறை. நீங்க தப்பா சொல்றீங்க" என்றிருக்கிறான். மிஸ் முகம் மாறியதை மற்ற நாற்பது பேரும் பார்த்துவிட்டார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை, மேலும் இரண்டு நிமிடம் விளக்கியிருக்கிறான். அன்று முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றான். என்னிடம் வந்து, "சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டான். சரியாகத்தான் சொன்னான். அதற்கும் ஒரு வரி போட்டோம்: தப்பு தெரிந்தால் மணி அடித்த பிறகு, பக்கத்தில் போய், மெதுவாக. பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில் என்றான். ஒரு கை நீளம் என்றேன். மறுநாள் கையை நீட்டி அளந்துகொண்டு நின்றானாம்.

சாயங்காலம் தெருவில் பையன்கள் ஃபுட்பால் ஆடும்போது அவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. கமென்ட்ரி சொல்லச் சொல்வார்கள். அருமையாகச் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். "என்னை எல்லாருக்கும் புடிக்கும் மிஸ்" என்றான். அந்தச் சிரிப்பில் எது எந்த வகை என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். சொல்லவில்லை. அது கருணையா கோழைத்தனமா தெரியாது. ஒருவேளை அவர்களுக்கு உண்மையாகவே பிடித்தும் இருக்கலாம்.

இப்போது ஏழாம் வகுப்பு. போன வாரம் கோணத்தோடு வந்தான். சாக்பீஸ் கையில் இருந்தது, நானும் பழக்க தோஷத்தில் போர்டில் இரண்டு கோடு இழுத்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழித்தேன்.

"கதவு மூடியிருக்கு. கொஞ்சம் திறக்கிறே. திறந்த அளவுதான் கோணம்."

"கதவு பெருசா இருந்தா கோணம் பெருசா?"

இந்தக் கேள்வியைப் படம் போட்டுப் படிக்கிற பிள்ளைகள் கேட்பதே இல்லை, நீளக் கோட்டைப் பார்த்துப் பெரிய கோணம் என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

"இல்லடா. பீரோ கதவும் தீப்பெட்டி மாதிரி ஒரு குட்டிப் பெட்டிக் கதவும் ஒரே அளவு திறந்திருக்கலாம்."

"ஒரே அளவுன்னா? எதை வெச்சு அளக்கறது மிஸ்?"

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வார்த்தையைத் தேட ஆரம்பித்தேன்.