அப்பாவின் பர்ஸிலேயே இருந்தது அவருடைய பின் நம்பர்

போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம் போன அப்பா, இறங்கும்போது பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். பர்ஸ் இல்லை. கண்டக்டரிடம் சொல்லி, சீட்டுக்கு அடியில் தேடி, வந்த வழியில் ஒரு கடையில் விசாரித்து, வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சட்டைப் பையில் இருந்த போனை அதுவரை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை.

வீட்டில் நான் அதை வாங்கிப் பார்த்தபோது வங்கியிலிருந்து நான்கு எஸ்.எம்.எஸ் வந்திருந்தன. முதல் இரண்டும் பின் நம்பர் தவறு என்பதால் பணம் எடுக்க முடியவில்லை என்றன. மூன்றாவதில் 10,000 ரூபாய் போயிருந்தது. ஒரு நிமிடம் கழித்து இன்னொரு 10,000. அந்தக் கார்டின் ஒரு நாள் வரம்பே 20,000 என்பதால்தான் அதோடு நின்றது.

"நான் யாருக்கும் நம்பர் சொல்லலையேம்மா" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், சொல்லவில்லை. பர்ஸில் எழுதியும் வைக்கவில்லை. ஆனால் அதே பர்ஸில் ஆதார் அட்டை இருந்தது. பிறந்த தேதி 14-07-1956. அப்பாவின் பின் 1956.

திருடியவன் இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஏடிஎம் பொதுவாக மூன்று முறைதான் தவறாக அடிக்க விடும், பிறகு அன்றைக்கு அந்த பின்னைப் பூட்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் பத்தாயிரத்தில் மூன்று வாய்ப்பு, அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆதாரைக் கையில் வைத்திருப்பவனுக்கு 1407, 0714, 1956 என்று மூன்று எண்கள் உடனே கிடைக்கின்றன. மூன்று முயற்சிக்கு மூன்று எண்கள். அப்பாவின் விஷயத்தில் மூன்றாவது பலித்துவிட்டது. போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் வைத்திருந்தாலும் இதே கதைதான். பர்ஸுக்குள் ஒரு விசிட்டிங் கார்டோ மருந்துக் கடை பில்லோ இருந்தால் அந்த எண் அதில் இருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் இதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிறந்த தேதியை வைத்து ஊகிக்கத் தெரிந்த திருடனுக்கு, திருடும் 11 முதல் 18 பர்ஸுகளில் ஒன்று திறந்துகொள்ளும் என்பது அவர்கள் கண்டது.

அன்று கார்டை பிளாக் செய்வதிலும் நேரம் போனது. வங்கியின் உதவி எண் எங்கே இருக்கிறது? கார்டின் பின்பக்கத்தில். கார்டு திருடனிடம். இணையத்தில் தேடலாம் என்று கை போனது, நிறுத்திக்கொண்டேன். வாடிக்கையாளர் சேவை எண் என்று போலி எண்களைப் போட்டு வைத்து ஏமாற்றுபவர்கள் நிறைய. கடைசியில் பாஸ்புக் அட்டையில் இருந்த எண்ணில் கூப்பிட்டு பிளாக் செய்தோம். அந்த எண் இப்போது எங்கள் இருவர் போனிலும் இருக்கிறது, கார்டின் கடைசி நான்கு எண்ணும் பக்கத்திலேயே. நல்லவேளை, அன்றே பிளாக் செய்தோம். செய்யாமல் விட்டிருந்தால் நள்ளிரவு தாண்டியதும் புதிய நாள் வரம்பில் மறுபடியும் எடுத்திருப்பான்.

பணம் திரும்பி வந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வரவில்லை. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் பேசினோம். அங்கே உதவ முடிவது பணம் இன்னொரு கணக்குக்கு மாறி, இன்னும் அங்கே கிடக்கும்போது. அப்போது அதை முடக்கச் சொல்வார்கள். ஏடிஎம்மிலிருந்து நோட்டாக வெளியே வந்த பணத்தை முடக்க வழி இல்லை. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர் ரசீது வாங்கி வங்கிக் கிளையில் கொடுத்தோம். சரியான பின் போடப்பட்டிருக்கிறது, பொறுப்பு உங்களுடையது என்று பதில் வந்தது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைப் படித்துப் பார்த்தேன். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை அவர் பொறுப்பு. தகவல் சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் கூப்பிட்ட நேரமும் அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணும் முக்கியம். நான் காலண்டர் தாளிலேயே குறித்து வைத்தேன்.

ஒரு வாரத்தில் புதிய கார்டு வந்தது. இந்த முறை என்ன எண் வைப்பது என்று அப்பாவோடு உட்கார்ந்தேன். அவர் சொன்னதெல்லாம் அவர் வாழ்க்கையிலிருந்தே வந்தது. கல்யாண வருடம், அம்மாவின் பிறந்த நாள், பழைய ஸ்கூட்டர் நம்பர். எனக்கு அவர்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. எண் என்றால் மனசு அங்கேதான் போகும். ஏடிஎம்மை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷில்லாங்கில் பிறந்த ஜான் ஷெப்பர்ட்-பாரன், முதலில் ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். தனக்கு நான்குதான் நினைவில் நிற்கும் என்று மனைவி சொன்னதால் நான்காகக் குறைத்தாராம். நினைவில் நிற்பதுதான் அப்போதிலிருந்தே சிக்கல்.

எண்ணை நாமே யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மேசை டிராயரில் இருந்த பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்குப் பிறகு வரும் ஆறு இலக்க எண்ணின் கடைசி நான்கைப் படித்தோம். முதல் நோட்டில் 1984. வருடம் மாதிரி இருக்கிறது, வேண்டாம். அடுத்தது 0811. எட்டாம் தேதி நவம்பர், அதுவும் வேண்டாம். மூன்றாவது நோட்டின் எண்ணில் தேதியும் இல்லை, 19 அல்லது 20 என்று ஆரம்பிக்கவும் இல்லை, ஒரே எண் திரும்பத் திரும்ப வரவில்லை, கீபேடில் மேலிருந்து கீழே நேராக இறங்கும் 2580 போலவும் இல்லை. அதை எடுத்துக்கொண்டோம். அந்த நோட்டை அன்று மாலையே காய்கறிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

நினைவில் வைக்க அப்பா தானே ஒரு வழி கண்டுபிடித்தார். உதாரணத்துக்கு எண் 6273 என்று வைத்துக்கொள்வோம். 62 வயதில் ஒருவர் 73 படி ஏறுகிறார் என்று கதை கட்டினார். எண் முதலில் வந்தது, கதை அதற்குப் பிறகு. அதனால் அப்பாவைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கூட கதையிலிருந்து எண்ணுக்குப் போக முடியாது. முதல் வாரம் தினமும் இரண்டு வேளை மேசைமேல் விரலால் அடித்துப் பழகினார். அப்புறம் விரலே ஞாபகம் வைத்துக்கொண்டது. கூடவே யுபிஐ பின்னையும் போன் லாக்கையும் மாற்றினோம், இரண்டிலும் அதே 1956 இருந்தது. இப்போது மூன்றும் வேறு வேறு.

ஆனால் நல்ல எண் வைத்ததால் மட்டும் எல்லாம் முடியவில்லை. வைஃபை குறி போட்ட கார்டை மெஷினில் தட்டினால் 5,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போகும். அப்பா கடைகளில் யுபிஐதான் கொடுக்கிறார் என்பதால் வங்கி ஆப்பில் அந்த வசதியை அணைத்து வைத்தோம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் ஆஃப். ஏடிஎம் வரம்பை 5,000-க்குக் குறைத்தோம். எந்தப் பயன்பாட்டை எப்போது அணைப்பது என்று ஆப்பில் அப்பாவே செய்யும்படி பழக்கினேன். அது பின்னால் உதவியது.

ஆறு மாதம் கழித்து, ஒரு மதியம் அலுவலகத்தில் இருந்தேன். அப்பா கூப்பிட்டார். ஏடிஎம்மில் கீபேடின் ஒரு பட்டன் சரியாக அமுங்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர் "இப்படி அமுக்குங்க ஐயா" என்று பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். அப்பா ஒவ்வொரு எண்ணாக அமுக்க, அவர் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டார். பணம் எடுக்காமலே கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார் அப்பா.

"கார்டு உங்க கையில இருக்கா? கடைசி நாலு எண்ணைப் படிங்க" என்றேன் முதலில். உதவி செய்கிறேன் என்று வருபவர்கள் செய்யும் வேலை பின்னைப் பார்ப்பது மட்டும் இல்லை. கார்டை வாங்கி, அதே வங்கியின் செல்லாத கார்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நிறம், சின்னம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பெயர் அச்சிடாத கார்டுகளும் உண்டு, அதனால் பெயரைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அப்பா படித்த எண்ணை என் போனில் இருந்ததோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. அவர் கார்டைக் கையை விட்டே கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

அங்கேதான் இரண்டு வழியாகப் பிரிகிறது. எண் ஒத்துப்போகாவிட்டால் அது கார்டு போனதற்குச் சமம். பின்னை மாற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை, உடனே பிளாக்தான். கார்டு கையிலேயே இருந்தால், பார்த்தவரிடம் இருப்பது பாதிச் சாவி. ஆனால் வெளியே வந்து பஸ்ஸில் ஏறுவதற்குள் மறு பாதியையும் எடுத்துக்கொள்ளக் கூடியவர் அவர். "அப்பா, அங்கேயே நின்னு ஆப்பில ஏடிஎம்மை ஆஃப் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். பிறகு ஆட்டோ பிடித்து நம் வங்கியின் இன்னொரு ஏடிஎம்முக்குப் போகச் சொன்னேன். எல்லா வங்கி ஏடிஎம்மிலும் பின் மாற்ற முடியும் என்று நம்பிப் போக முடியாது.

உள்ளே போகும் முன் பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எண்ணைத் தேர்ந்துகொண்டார். யாரும் உள்ளே இல்லை என்று பார்த்து, ஆப்பில் மறுபடி ஏடிஎம்மை ஆன் செய்தார். கார்டைப் போட்டு, பழைய பின், பிறகு பின் மாற்றம், புதிய எண் இரண்டு தடவை. இடது கையைக் கீபேடின்மேல் கூரை மாதிரி வைத்துக்கொண்டாராம். பழைய பின் நினைவில் இருந்ததால் ஓடிபி எதுவும் தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் பின் மாற்றப்பட்டது என்று எஸ்.எம்.எஸ் வந்தது, எனக்கும் அனுப்பினார். அந்த எஸ்.எம்.எஸ் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கு இப்போது தெரியும். அவர் மாற்றாத ஒரு நாளில் அது வந்தால் என்னைக் கூட கூப்பிட வேண்டாம், முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.